சிறிய லொறிக்கு டெயில் லிஃப்ட்: பம்ப், மோட்டர், ரிலீஃப் அழுத்தம் தெரிவு செய்வது எப்படி?

காலபோக வெட்டு முடிந்து நெல் மூடைகள் அசையத் தொடங்கும் மாதங்களில், பரந்தனுக்கும் மாங்குளத்துக்கும் இடையில் லொறி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “பின்னுக்கு ஒரு லிஃப்ட் போடலாமோ? நாட்டாமைக்கு ஆள் கிடைக்குதில்லை.” போடலாம். தட்டையும் கைகளையும் நம்முடைய ஒட்டு வேலைக்காரரே நன்றாகச் செய்கிறார்கள். பிழை வருவது பெரும்பாலும் பவர் பேக்கில்தான். மோட்டர், பம்ப், சிறிய ஒயில் டாங்கி, வால்வுகள் எல்லாம் ஒரே கட்டாக வரும் அந்தப் பெட்டியை, கழற்றிய ஜப்பான் சாமான் விற்கும் இடத்தில் “இது எல்ஃபுக்கு, இது கன்ரருக்கு” என்று கேட்டு வாங்கி வந்து, அப்படியே பூட்டி விடுகிறார்கள்.

அந்தப் பெட்டி முன்பு எந்த லொறியில், எந்தக் கையை, எத்தனை கிலோவை உயர்த்தியது என்று யாருக்கும் தெரியாது. ஒயிலின் அழுத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் அதன் ரிலீஃப் வால்வு அந்தப் பழைய கைக்கு ஏற்றபடி முறுக்கப்பட்டிருக்கும். உங்கள் கைக்கு எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் கையில் அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான வழியை ஒரு லொறியை வைத்துக் காட்டுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் இதே வரிசையில் போனால் போதும்: முதலில் பாரம், அதிலிருந்து அழுத்தம், பிறகு பம்ப், பிறகு மோட்டர், கடைசியில் ரிலீஃப். பலரும் மோட்டரில் தொடங்கித் தலைகீழாக வருகிறார்கள்.

எடுத்துக்கொள்ளும் லொறி 24 வோல்ட் எல்ஃப். பின் தளத்தின் உயரம் நிலத்திலிருந்து ஏறத்தாழ 1 மீற்றர். தட்டு இணைகர அமைப்பில் ஏறுகிறது, அதாவது மேலும் கீழுமாக இரண்டு சோடிக் கைகள் இருப்பதால் ஏறும்போது தட்டு சாயாமல் மட்டமாகவே நிற்கும். தட்டை மடிப்பது கையால். உயர்த்துவதற்கு 40 மில்லிமீற்றர் உள்விட்டம் உள்ள 2 சிலிண்டர்கள். ஒயில் தள்ளி ஏற்றும், தன் பாரத்தில் தானே இறங்கும். முதல் லிஃப்டுக்கு இதைவிடச் சிக்கலானதைத் தொட வேண்டாம். பட்டாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது சுமக்கக்கூடிய பாரமே 1 தொன்னுக்குக் குறைவு, அதில் இவ்வளவு இரும்பைத் தொங்கவிட்டால் ஏற்றுவதற்கு மிச்சம் இருக்காது.

பாரத்தை நிறுத்துப் பாருங்கள்

ஒரு தடவையில் என்ன ஏறப்போகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். நெல் மூடை 70 கிலோ என்று வைத்தால் 6 மூடை 420 கிலோ. கூடவே ஒரு ஆள் நின்று ஏறுவார், அவர் 70 கிலோ. மொத்தம் 490. ஆகவே இந்த லிஃப்டின் பாரம் 500 கிலோ. “சில நேரம் 8 மூடையும் வைப்பம்” என்று உரிமையாளர் சொன்னால், கைகளையும் சாசிப் பிடிப்பையும் 8 மூடைக்கு ஏற்றபடி செய்த பிறகுதான் அந்தக் கணக்குக்குப் போக வேண்டும். பவர் பேக்கை மட்டும் பெரிதாக்கி அந்த 2 மூடையை எடுக்க முடியாது.

அடுத்தது லிஃப்டின் சொந்தப் பாரம். தட்டை அரிசி ஆலைத் தராசில் வைத்து நிறுங்கள், ஊகிக்க வேண்டாம். எங்கள் தட்டு 110 கிலோ இருந்தது. கைகள் எல்லாம் சேர்ந்து 80 கிலோ. கையின் ஒரு முனை சாசியில் நிற்கிறது, மற்ற முனைதான் 1 மீற்றர் ஏறுகிறது, ஆகவே கைகளின் பாரத்தில் பாதியைச் சேர்த்தால் போதும். 110 உடன் 40 சேர்த்து 150 கிலோ. ஏற்ற வேண்டியது மொத்தம் 650 கிலோ.

சிலிண்டருக்கு எவ்வளவு விசை விழுகிறது?

இந்த இடத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். சிலிண்டர் 25 சென்ரிமீற்றர் நீளும்போது தட்டு 100 சென்ரிமீற்றர் ஏறுகிறது. தூரம் 4 மடங்கு கூடினால் விசையும் 4 மடங்கு வேண்டும். 650 கிலோவை ஏற்ற சிலிண்டர்கள் சராசரியாக 2,600 கிலோ தள்ள வேண்டும். ஆனால் சராசரியை வைத்து பம்ப் வாங்கினால் தட்டு பாதி உயரத்தில் நின்று விடும், ஏனென்றால் கை சுழன்று ஏறுவதால் எல்லா இடத்திலும் அந்த 4 மடங்கு ஒரே மாதிரி இருப்பதில்லை.

அதை அளப்பது சுலபம். பவர் பேக் வருவதற்கு முன்பே செய்யலாம். வெறும் தட்டைச் செயின் புளொக்கில் தொங்கவிட்டு மெல்ல மெல்லத் தூக்குங்கள். சிலிண்டர் பூட்டும் இரண்டு பின்களின் மையத்துக்கு இடையில் ஒருவர் அளவு நாடா பிடிக்கட்டும். அந்தத் தூரம் 5 சென்ரிமீற்றர் கூடும் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, தட்டு நிலத்திலிருந்து எவ்வளவு ஏறியது என்று சோக்குக் கட்டியால் கதவில் கோடு போடுங்கள். எங்கள் லொறியில் ஐந்து கோடுகளுக்கும் இடையில் வந்த ஏற்றம் 17, 21, 25, 21, 16 சென்ரிமீற்றர். கூட்டினால் 100. நடுவில், கை கிட்டத்தட்டக் கிடையாக நிற்கும் இடத்தில், 5 சென்ரிமீற்றருக்கு 25 ஏறியது. அங்கே 4 மடங்கு இல்லை, 5 மடங்கு. கடினமான இடம் அதுதான், கணக்கு அந்த இடத்துக்குத்தான் போட வேண்டும்.

650 ஐ 5 ஆல் பெருக்கினால் 3,250 கிலோ. பின்களிலும் புஷ்களிலும் உராய்வுக்கு 15 சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 3,740 கிலோ. இந்த 15 சதவீதம் எங்கள் கராஜ் வழக்கம். புஷ் நல்லதாகவும் கிறீஸ் ஓடுவதாகவும் இருந்தால் அது சரியாகவே வருகிறது.

இனி அழுத்தம். 4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சிலிண்டரின் முகப்பரப்பு 12.57 சதுர சென்ரிமீற்றர், இரண்டுக்கும் 25.1. 3,740 ஐ 25.1 ஆல் வகுத்தால் சதுர சென்ரிமீற்றருக்கு 149 கிலோ. அழுத்தமானி பாரில் காட்டும். 1 பார் என்பது 1.02 கிலோ, ஆகவே 146 பார். ஹோஸிலும் வால்விலும் போகும் இழப்புக்கு ஒரு 4 பார் வைத்தால், பம்ப் தர வேண்டியது 150 பார். இந்த ஒரு எண்ணில்தான் மற்ற எல்லாம் தொங்குகின்றன.

இதில் பலருக்கும் வரும் ஒரு சந்தேகத்தைச் சொல்லி விடுகிறேன். மூடையைத் தட்டின் வெளி விளிம்பில் வைத்தால் அழுத்தம் கூடாதா? இணைகர அமைப்பில் உயர்த்தும் சிலிண்டருக்குப் பெரிதாகக் கூடாது. மூடை எங்கே இருந்தாலும் தட்டு ஏறும் உயரம் ஒன்றுதான், ஆகவே செய்ய வேண்டிய வேலையும் ஒன்றுதான். ஆனால் விளிம்பில் வைத்த பாரம் கைகளையும் பின்களையும் முறுக்கி இழுக்கும், உராய்வு கொஞ்சம் ஏறும், சாசிப் பிடிப்பு நோகும். அழுத்தமானியில் அந்தச் சேதம் தெரியாது. ஆகவே முழுப் பாரம் எவ்வளவு தூரம் வரை வைக்கலாம் என்பதற்குத் தட்டிலேயே ஒரு கோடு அடித்து வைப்பது நல்லது.

பம்ப்: அவசரப்பட்டால் பற்றரி பதில் சொல்லும்

அழுத்தத்தைத் தருவது பம்பின் அளவு என்று நினைக்க வேண்டாம். பம்பின் சி.சி. கூடினால் வேகம்தான் கூடும். ஒரு சுற்றுக்கு எத்தனை சி.சி. ஒயில் தள்ளுகிறது என்பதே அந்த எண்.

சிலிண்டர் இரண்டும் முழுதாக நீள 25.1 ஐ 25 ஆல் பெருக்கிய அளவு ஒயில் வேண்டும், அதாவது 628 சி.சி. தட்டு ஏறுவதற்கு 12 முதல் 15 செக்கன் எடுப்பது நல்ல வேகம். மேலே ஒரு ஆள் நிற்கிறார், மூடைகள் அடுக்கி இருக்கின்றன, இதைவிட வேகமாக ஏற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. பாரத்தோடு ஓடும்போது இந்த வகை நேரோட்ட மோட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,600 சுற்று ஓடும் என்று வையுங்கள். சரியான எண் அந்த மோட்டரின் வரைபடத்தில் இருக்கும், பாரத்துக்கு உரிய கோட்டைப் பார்த்து எடுங்கள். வெறுமனே ஓடும்போது காட்டும் சுற்று எதற்கும் உதவாது. 1.2 சி.சி. கியர் பம்ப் அந்தச் சுற்றில், உள்ளே கசிந்து திரும்பும் 10 சதவீதத்தைக் கழித்தால், நிமிடத்துக்கு 2.8 லீற்றர் தரும். 628 சி.சி.க்கு 13 அல்லது 14 செக்கன். சரி, 1.2 சி.சி. போதும்.

“2.1 சி.சி. ஒன்று மலிவாகக் கிடக்குது, அதைப் போடுவமே” என்பார்கள். போட்டால் 8 செக்கனில் ஏறும். ஆனால் அதே 150 பாரில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஒயிலைத் தள்ள மோட்டரும் அந்த அளவு சக்தி எடுக்கும். எங்கள் 1.2 சி.சி. பம்ப் முழுப் பாரத்தில் சுமார் 60 அம்பியர் இழுத்தது. 2.1 போட்டால் 100 அம்பியரைத் தாண்டும். பற்றரி சற்றுப் பழசானால் மோட்டர் முனையில் வோல்ட் விழும், சுற்றுக் குறையும், நினைத்த வேகமும் வராது, மோட்டரும் சுடும்.

மோட்டரும் அதன் ஓய்வும்

பம்ப் கேட்கும் சக்தியைக் கணக்கிட, பாரை நிமிடத்துக்கான லீற்றரால் பெருக்கி 600 ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 150 ஐ 2.8 ஆல் பெருக்கி 600 ஆல் வகுத்தால் 0.7. பம்பின் திறன் 80 சதவீதம் என்று எடுத்தால் மோட்டரின் அச்சில் ஏறத்தாழ 0.9 கிலோவாட் வேண்டும். மோட்டர் தகட்டில் 1.6 அல்லது 2 கிலோவாட் என்று இருக்கும் 24 வோல்ட் மோட்டர் இதற்குச் சௌகரியமாகப் போதும். 0.8 கிலோவாட் மோட்டரும் ஏற்றத்தான் செய்யும், சில மாதத்துக்கு.

தகட்டில் கிலோவாட்டுக்குப் பக்கத்தில் எஸ்2 அல்லது எஸ்3 என்று ஒரு குறி இருக்கும். புதியவர்கள் அதைப் பார்க்காமல் விடுகிறார்கள். எஸ்2 க்குப் பக்கத்தில் 3 நிமிடம் என்று இருந்தால், குளிர்ந்த மோட்டரைத் தொடர்ந்து 3 நிமிடம்தான் ஓட்டலாம், பிறகு முழுதாக ஆற விட வேண்டும். எஸ்3 10 சதவீதம் என்றால், வழக்கமாக எடுக்கும் 10 நிமிடச் சுற்றில் 1 நிமிடம்தான் ஓடலாம். ஒரு ஏற்றத்துக்கு 14 செக்கன், இறக்கத்துக்கு மோட்டர் வேண்டாம். ஆகவே 10 நிமிடத்தில் 4 ஏற்றம். 60 மூடைக்கு 10 ஏற்றம், அதற்கு 25 நிமிடம். ஒவ்வொரு 6 மூடையையும் உள்ளே தள்ளி அடுக்கவே ஆட்களுக்கு 2 நிமிடம் போய்விடும் என்பதால் இது நடைமுறையில் பொருந்தும். ஆனால் வெறும் தட்டை விளையாட்டுக்கு மேலும் கீழும் ஓட்டிக் காட்டினால் அந்த நேரமும் இந்தக் கணக்கில்தான் விழும். வைகாசி வெயிலில், ஒட்டுசுட்டான் பக்கம் நிழலே இல்லாத வயல் வரம்போரம் லொறி நிற்கும்போது, 10 சதவீதத்தையும் முழுதாக எடுக்க வேண்டாம் என்பேன். மோட்டர் உடம்பில் உள்ளங்கையை வைத்து 3 செக்கன் பிடிக்க முடியாவிட்டால் ஆற விடுங்கள்.

லொறியின் பழைய செல்ஃப் மோட்டரை பம்பில் பூட்டும் வேலையை இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன். அது எஞ்சினை எழுப்பச் சில செக்கன் ஓடுவதற்காகச் செய்தது. 14 செக்கன் ஏற்றத்தை நாலைந்து தடவை செய்தால் சுருள் கருகும்.

வயரைப் பற்றி இரண்டு விஷயம். பற்றரியிலிருந்து பின்னுக்குப் போக 4 மீற்றர், திரும்ப 4 மீற்றர். 25 சதுர மில்லிமீற்றர் செம்பு வெல்டிங் கேபிள் போட்டால் 60 அம்பியரில் மூன்றில் ஒரு வோல்ட்தான் இழப்பு. மலிவாகக் கிடைக்கும் செம்பு பூசிய அலுமினியக் கேபிளை வாங்க வேண்டாம், நுனியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். பற்றரிக்கு அருகிலேயே 100 அம்பியர் பியூஸ் வையுங்கள். சாசி ஓரம் உரசிக் கேபிள் உரிந்தால் லொறி எரியாமல் காப்பது அந்த பியூஸ்தான். மற்றது, 12 வோல்ட் பவர் பேக் கையில் இருக்கிறது என்பதற்காக 24 வோல்ட் லொறியின் இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் எடுக்க வேண்டாம். ஒன்று எப்போதும் காலியாகும், மற்றது அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஏறிக் கொதிக்கும், இரண்டும் சீக்கிரம் போகும்.

ஒயில்

டாங்கி 2 முதல் 3 லீற்றர் போதும். ஒயிலை ஊற்ற வேண்டியது தட்டு நிலத்தில் இருக்கும்போது. தட்டு மேலே இருக்கும்போது நிரப்பினால், இறங்கும்போது 628 சி.சி. திரும்பி வந்து மூடிவழி வழியும். குளிர்நாட்டு லொறிகளில் மிக மெல்லிய ஒயில் ஊற்றியிருப்பார்கள். எங்கள் வெயிலுக்கு விஜி 32 அல்லது 46 ஹைட்ரோலிக் ஒயில் சரி. பிரேக் ஒயில் ஊற்றினால் சீல் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். மூடியில் காற்றுப் போய்வரும் துளைக்கு வடிகட்டி இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு ஏற்றத்திலும் அரை லீற்றருக்கு மேல் காற்று அதற்குள்ளால் போகிறது, செம்மண் தூசியும் அதோடு போகும்.

ரிலீஃப்: முறுக்குவதற்கு முன்

ரிலீஃப் வால்வு என்பது ஒரு ஸ்பிரிங் அமர்த்தி வைத்திருக்கும் சிறு கதவு. அழுத்தம் அந்த ஸ்பிரிங்கை மீறினால் ஒயில் டாங்கிக்கே திரும்பும். வேண்டியது 150 பார். கதவு ஒரே அடியாகத் திறப்பதில்லை, குறித்த அழுத்தத்துக்குக் கொஞ்சம் முன்பே கசியத் தொடங்கும், ஆகவே 10 சதவீதம் மேலே வைக்க வேண்டும். எங்கள் லொறிக்கு 165 பார்.

இன்னும் கொஞ்சம் கூட வைத்தால் என்ன? கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 165 பாரில் இந்த லிஃப்ட் கடினமான இடத்திலும் ஏறத்தாழ 570 கிலோ வரை தூக்கும். 200 பாருக்கு முறுக்கினால் 700 கிலோவுக்கும் மேலே தூக்கும். தட்டும் கையும் செய்தது 500 கிலோவுக்கு. கழற்றிய பெட்டியை அப்படியே பூட்டிய ஒரு லொறி எங்களிடம் வந்தது, மானி போட்டுப் பார்த்தபோது 210 பார். அவர்கள் 9 மூடை வைத்துத் தூக்கியிருக்கிறார்கள், லிஃப்டும் மறுக்கவில்லை. வலது கையின் மேல் பின் துளை முட்டை வடிவமாக இழுபட்டிருந்தது, ஒட்டின் ஓரத்தில் மயிரளவு வெடிப்பு. மூடையைக் குறைக்கச் சொல்லி அந்த லிஃப்ட் ஒருநாளும் முரண்டு பிடித்திருக்காது, ஏனென்றால் முரண்டு பிடிக்க வேண்டிய வால்வை அதற்கு மேலே முறுக்கி வைத்திருந்தார்கள். அழுத்தம் கூடினால் மோட்டர் இழுக்கும் அம்பியரும் அதே அளவில் கூடும் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

ரிலீஃப் காக்காத ஒரு இடமும் உண்டு. ரிலீஃப் வால்வு பம்பின் பக்கம் இருக்கிறது. மேலே தூக்கி நிறுத்திய பிறகு திரும்பாவால்வு மூடிவிடும், சிலிண்டரில் நிற்கும் ஒயிலுக்கும் ரிலீஃபுக்கும் தொடர்பு இல்லை. தளத்து மட்டத்தில் நிற்கும் தட்டில் மூடைகளை எறிந்தாலோ, ஒரு டிரம்மை உருட்டி விட்டாலோ சிலிண்டரில் அழுத்தம் 165 ஐத் தாண்டிப் போகும். அதனால்தான் ஹோஸ் வாங்கும்போது 165 பாரை நினைத்து வாங்கக் கூடாது. கால் இஞ்சி ஹோஸில் ஒற்றைக் கம்பி வலை உள்ளது 225 பார் வேலை அழுத்தம், இரட்டைக் கம்பி வலை உள்ளது 400 பார். இரட்டையையே போடுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலும் ஹோஸ் வெடிப்பு வால்வு ஒன்றும் வேண்டும். ஹோஸ் அறுந்தால் தட்டைக் கீழே விழாமல் பிடிப்பது அதுதான்.

முறுக்கும் வேலை

பம்பின் வெளிவாயில் ஒரு டீ பூட்டி, 250 பார் வரை காட்டும் கிளிசரின் மானியை வையுங்கள். அதற்கு அப்பால் உயர் அழுத்தத்துக்கான ஒரு பந்து வால்வு. அதை மூடினால் ஒயில் கைகளுக்குப் போகாது, ஆகவே இந்த வேலையில் தட்டும் கையும் அசையாது, நோகாது. தட்டு நிலத்தில் இருக்கட்டும். யாரும் அதற்கு அடியில் இல்லை என்று பாருங்கள்.

ரிலீஃபின் பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகாணியை ஸ்பிரிங் இளகும் வரை வெளியே எடுங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். பந்து வால்வை மூடி, பொத்தானை 2 செக்கன் அழுத்தி மானியைப் படியுங்கள். 30 அல்லது 40 பார் போலக் காட்டும். பொத்தானை விட்டு, கால் சுற்று உள்ளே. திரும்ப 2 செக்கன். இப்படியே 165 வரை வாருங்கள். ஒவ்வொரு தடவைக்கும் இடையில் கொஞ்சம் நேரம் விடுங்கள், ரிலீஃபுக்குள்ளால் போகும் ஒயில் சுடச்சுடத் திரும்புகிறது, மோட்டரும் முழுப் பாரத்தில் ஓடுகிறது. பூட்டு நட்டை இறுக்கும்போது சில பார் நகரும், இறுக்கிய பிறகு இன்னொரு தடவை படிக்க மறக்க வேண்டாம். மூட்டுகளில் ஒயில் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளையளவு கசிவும் இந்த அழுத்தத்தில் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஒரு மட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

பாரம் வைத்துப் பார்ப்பது

பந்து வால்வைத் திறந்து, வெறும் தட்டை 3 தடவை ஏற்றி இறக்கி காற்றை வெளியேற்றுங்கள். பிறகு தராசில் நிறுத்த 500 கிலோவைத் தட்டில் வையுங்கள், ஆள் ஏற வேண்டாம். ஒருவர் பொத்தானில், ஒருவர் மானியில். நீங்கள் சோக்குக் கட்டியால் குறித்த நடு இடத்தைத் தட்டு கடக்கும்போது மானி காட்டும் உச்சத்தை எழுதுங்கள். அது 150 க்குக் கிட்ட வர வேண்டும்.

எங்கள் லொறி முதல் நாள் அப்படிக் காட்டவில்லை. கால்வாசி உயரத்தில் 150 ஐத் தாண்டியது, நடுவுக்குச் சற்று முன்பு 165 இல் நின்றது. மோட்டர் அழுந்திய குரலில் ஓடுகிறது, ரிலீஃபில் சீறும் சத்தம், தட்டு அசையவில்லை. லொறிக்காரர் பக்கத்தில் நின்று, “தம்பி, இன்னும் ஒரு அரைச் சுற்று விடுங்கோ, ஏறிடும்” என்றார். ஏறியிருக்கும்தான். ஆனால் கணக்கு 150 என்கிறது, மானி 165 இலும் போதவில்லை என்கிறது, 15 பாருக்கு மேல் எங்கேயோ தொலைகிறது. இறக்கிப் பாரத்தை எடுத்துவிட்டு, பின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வர்ணம் அடித்தவர் இடது பக்கக் கிறீஸ் நிப்பிள் இரண்டையும் சேர்த்து அடித்து மூடியிருந்தார். புஷ் காய்ந்து கிடந்தது. வர்ணத்தைச் சுரண்டி, பழைய அழுக்குக் கிறீஸ் வெளியே வரும் வரை துப்பாக்கியால் அடித்தோம். அதே 500 கிலோ, உச்சம் 148. ரிலீஃபை யாரும் தொடவில்லை.

ஆகவே தட்டு நின்றால் முதலில் மானியையும் சத்தத்தையும் சேர்த்துப் படியுங்கள். மானி 165 இல் நின்று மோட்டர் அழுந்தினால் பாரம் கூட அல்லது எங்கேயோ இறுகுகிறது. மோட்டர் இலகுவாக ஓடியும் மானி ஏறவில்லை என்றால் ஒயில் போகும் வழி எங்கோ திறந்து கிடக்கிறது. டாங்கியில் ஒயில் மட்டம், இறக்கும் வால்வில் அகப்பட்ட தூசி, ரிலீஃபின் கதவில் அகப்பட்ட தூசி, இந்த வரிசையில் பாருங்கள். மோட்டரே மந்தமாக ஓடி மானியும் குறைவாக இருந்தால், ஏற்றும்போது மோட்டர் முனையில் வோல்ட் அளவுங்கள். 20 க்குக் கீழே விழுந்தால் பற்றரி, கேபிள் நுனி, சாசி எர்த். இந்த மூன்றாவது வகையில் ரிலீஃபை முறுக்கினால் எதுவும் மாறாது.

இறக்கத்தின் வேகத்தை 500 கிலோவோடு வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். வெறும் தட்டில் சரிசெய்தால் பாரத்தோடு வேகமாக விழும். ஒயில் திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஓட்ட வால்வை, தட்டு இறங்க 10 செக்கனுக்குக் குறையாமல் எடுக்கும்படி அடையுங்கள். பிறகு பாரத்தை மேலே வைத்தபடி 15 நிமிடம் விட்டுப் பாருங்கள். தட்டு ஒரு விரலளவுக்கு மேல் தாழ்ந்தால் இறக்கும் வால்வைக் கழற்றிக் கழுவ வேண்டும். அந்த வால்வைத் தொடும்போது தட்டுக்கு அடியில் மரக்குற்றியோ இரும்புத் தாங்கியோ கட்டாயம் இருக்க வேண்டும், ஒயிலை நம்பி அடியில் போகக் கூடாது.

எல்லாம் சரி என்றால் மானியைக் கழற்றி டீயின் வாயை அடைத்து விடுங்கள், டீயை எடுக்க வேண்டாம், அடுத்த வருட வெட்டுக்கு முன் திரும்பவும் படிக்க உதவும். ரிலீஃபின் நட்டுக்கும் உடம்புக்கும் குறுக்கே சிவப்பு வர்ணத்தால் ஒரு கோடு இழுங்கள், யாராவது தொட்டால் கோடு விலகிக் காட்டும். டாங்கியின் மேல் பெரிய எழுத்தில் மூன்றை எழுதி வையுங்கள்: 500 கிலோ, 165 பார், முறுக்கிய திகதி.